ஒரு துணிக்கு ஒரு கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் பட்டறையில் பதினான்கு பெண்களும் சொல்வார்கள். நான் இல்லாதபோதுதான் சொல்வார்கள் என்றாலும் எனக்குத் தெரியும். என் வேலை அப்படி. பட்டு ஸ்கார்ஃப்புக்கு ஓரம் சுருட்டித் தைத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்கள். நான் பூதக்கண்ணாடியை எடுத்து நான்கு பக்கத்தையும் பார்த்து, ஆகும் என்பேன், ஆகாது என்பேன். ஆகாது என்று சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்?

ஆறு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறேன். அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் நானே தைத்தேன். இடது கைக்காரி. அதனால் முதல் நாளிலிருந்தே எனக்கு 'நொட்டாங்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்களே பிறகு, "நொட்டாங்கை சுருட்டின ஓரத்தைப் பாரு, பென்சில்ல கோடு போட்ட மாதிரி" என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியது உண்மை. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் தங்கை என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து ஒரே ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆறு வயது மகளைப் புருஷன் வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கோர்ட்டுக்குப் போனோம். நீதிபதி பொல்லாதவர் இல்லை. நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் கொண்டு வாருங்கள், அடுத்த வாய்தாவில் குழந்தையைத் தாயிடம் அனுப்புவது பற்றி முடிவு செய்யலாம் என்றார். அதுவரை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்தக் கடிதம் எங்கள் பட்டறையில் கிடைக்கும். ஒரு இடம் காலியாகியிருந்தது. தங்கைக்குக் கல்யாணத்துக்கு முன்பே இந்த வேலை தெரியும். வீட்டில் நான் தைப்பதைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே பழகிக்கொண்டவள். வலது கைக்காரி என்பதால் என்னைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுப் பழகினாள். நான் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை, எனக்குப் பொறுமை கிடையாது.

பட்டறையின் தலைவியை நாங்கள் ஸ்கேலம்மா என்போம். சட்டைப்பையில் எப்போதும் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் இருக்கும். சாப்பாட்டுத் தட்டையும் அளப்பார் என்று கேலி பேசுவோம். வேலைக்கு எடுப்பதற்கு முன் கையைச் சோதிக்க, அவர் தங்கையிடம் பன்னிரண்டு ஸ்கார்ஃப்புகளை எண்ணிக் கொடுத்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பண்ணு. திங்கட்கிழமை காலைல கொண்டா. இதை உங்க அக்கா பார்க்க மாட்டாங்க, நான்தான் பார்ப்பேன். சொந்தக்காரங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. ரூல் தெரியும்ல?"

"தெரியும் மேடம். ஒரு துணிக்கு ஒரு கை."

எங்கள் தொழிலில் அதுதான் சட்டம். ஒரு ஸ்கார்ஃப்பை எடுத்தால் நான்கு பக்கத்தையும் ஒருத்திதான் முடிக்க வேண்டும். கையெழுத்து மாதிரி, சுருட்டுவதும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தி சுருட்டினால் குண்டாக வரும், இன்னொருத்தி சுருட்டினால் ஒல்லியாக வரும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகு. ஒரே துணியில் இரண்டும் வந்தால், கழுத்தில் போட்டதும் ஒரு பக்கம் கனமாக விழும்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்களிடம் கண்ணாடிக்காரி என்று ஒருத்தி இருந்தாள். கையில் தாங்க முடியாத வலி என்று ஒரே ஒரு பக்கத்தைத் தன் நாத்தனாரிடம் கொடுத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். நான் பூதக்கண்ணாடியை வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்தேன். "இது ரெண்டு கை" என்று அறைக்கே கேட்கும்படி சொன்னேன். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே படியிறங்கினாள், நான் டீ குடிக்கப் போனேன்.

தங்கை வியாழக்கிழமை தைக்க ஆரம்பித்தாள். என் வீட்டில் ஜன்னலோரம் ஒரு மேசை இருக்கிறது. நேர் வெயில் படாது, நல்ல வெளிச்சம். அதில் வெள்ளைத்துணி விரித்து உட்கார்ந்தாள். ஓரத்தை ஒரேயடியாக வெட்டிவிட மாட்டாள். ஒரு சாண் வெட்டுவாள், அதைச் சுருட்டித் தைப்பாள், பிறகு அடுத்த சாண். மொத்தமாக வெட்டிப் போட்டால் பட்டு பிசிறு விட்டுவிடும். விரல் நுனியை ஈரத்துணியில் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தை உருட்டுவாள். இரண்டு மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு மயிரிழை கூடாது. ஊசி அந்தச் சுருளுக்குள்ளேயே அரை சென்டிமீட்டர் ஓடி வெளியே வரும். சுருளுக்குக் கீழே துணியில் ஒரே ஒரு இழையைத் தொடும். திரும்பச் சுருளுக்குள் போகும். நாலைந்து தையல் ஆனதும் நூலை மெதுவாக இழுத்தால் ஓரம் தானாக மூடிக்கொள்ளும். அதிகம் இழுத்தால் சுருங்கும், குறைத்து இழுத்தால் வாயைத் திறக்கும். நூலில் முடிச்சு கிடையாது, வால் சுருளுக்குள் ஒளிந்துகொள்ளும். முடித்தபின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, பட்டால் சுருள் சப்பையாகிவிடும்.

அவளுக்கு ஒரு பழக்கம். நீளவாட்டு இழையான பாவு ஓடுகிற பக்கம் ஒரு மாதிரி சுருளும், குறுக்கு இழையான ஊடை ஓடுகிற பக்கம் வேறு மாதிரி சுருளும். கை ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு ஸ்கார்ஃப்பிலும் முதலில் பாவுப் பக்கம் இரண்டையும் முடித்தாள். பிறகு ஊடைப் பக்கத்தைத் தொடங்கினாள். மெதுவாகத்தான் தைத்தாள். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஆமை கூட அக்கரை சேர்ந்திருக்கும்டி."

"சேரட்டும். அது ஸ்கேலம்மாகிட்ட போய் நிக்கப் போறதில்லையே."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்பது ஸ்கார்ஃப் முழுதாக முடிந்திருந்தது. மூன்றில் ஊடைப் பக்கம் பாக்கி. மொத்தம் ஆறு ஓரம். அவள் எழுந்து தலை வாரிக்கொண்டாள். மகளைப் பார்க்கப் போகிற நாள்.

"இதை எப்படி முடிப்ப?" என்றேன்.

"காலைல சீக்கிரம் எழுந்து உட்காருவேன். கொஞ்சம் லேட்டானா மதியம் கொண்டு போய்க் குடுக்கறேன். போன் பண்ணிச் சொல்லிட்டா போச்சு."

"முதல் வேலையே லேட்டா? நல்லா இருக்கும்!"

"நல்லா வந்தா போதும்க்கா. நீ எதையும் தொடாத."

தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகு நான் சமையலறையைத் துடைத்தேன், துணி மடித்தேன், மறுபடி சமையலறையைத் துடைத்தேன். மேசை மேல் அந்த மூன்று ஸ்கார்ஃப்பும் இருந்தன. நீலத்தில் மெல்லிய பழுப்புக் கரை அச்சடித்தவை. ஆறு ஓரம். என் காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம். அவள் வருவதற்குள் முடித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்தேன். அப்போது சட்டம் ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. என் கையும் அவள் கையும் ஒரே வீட்டுக் கை, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தானே!

உட்கார்ந்தேன். ஊசி இடது கைக்கு உடனே வந்துவிட்டது. விரல்கள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கின்றன என்று சந்தோஷப்பட்டேன். பாட்டுக்கூட முணுமுணுத்தேன். நாலரை மணிக்கு ஆறு ஓரமும் முடிந்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அழகாகத்தான் தெரிந்தது. பூதக்கண்ணாடி பையிலேயே இருந்தது, நான் எடுக்கவில்லை. என் கையை நானே சரிபார்ப்பதா? எனக்கு அது தோன்றவே இல்லை.

தங்கை ஆறரைக்கு வந்தாள். அழுத கண். குழந்தை காலைக் கட்டிக்கொண்டு விடவில்லையாம். நான் மேசையைக் காட்டினேன். அவள் முதல் ஸ்கார்ஃப்பை எடுத்து ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினாள். முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை ஓட்டினாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது.

"எப்படி?" என்றேன், ஒரு சபாஷுக்குக் காத்துக்கொண்டு.

"நல்லா இருக்குக்கா," என்றாள். மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேலம்மா பன்னிரண்டையும் பெரிய மேசையில் விரித்தார். நான் என் நாற்காலியில் வேறு வேலையில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது ஸ்கார்ஃப் வரை அவர் தலை ஆடிக்கொண்டே இருந்தது. பத்தாவதில் நின்றது. ஸ்கேலை எடுத்தார். பதினொன்று, பன்னிரண்டு. மறுபடி பத்து.

"இங்க வாங்க," என்று என்னைக் கூப்பிட்டார். "உங்களைக் கேட்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா எனக்குப் புரியல. கண்ணாடியையும் கொண்டு வாங்க."

பதினான்கு ஊசியும் நின்றன. தங்கை கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். தலை நிமிரவில்லை.

நான் கண்ணாடியை வைத்தேன். பாவுப் பக்கம் பார்த்தேன். அப்படி ஒரு ஓரத்தை நான் என் வாழ்க்கையில் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு மில்லிமீட்டர், ஆரம்பம் முதல் முடிவு வரை. என் காலத்தில் நான்கூட அப்படிச் சுருட்டியதில்லை. பிறகு ஊடைப் பக்கத்துக்கு நகர்த்தினேன்.

சுருள் ஓரிடத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு வீங்கி, அடுத்த அங்குலத்தில் ஒன்றரைக்கு இளைத்து, மறுபடி வீங்கியிருந்தது. அச்சடித்த பழுப்புக் கரை அதனால் அலை அலையாகத் தெரிந்தது. இரண்டிடத்தில் ஓரம் வாயைத் திறந்து பிசிறு எட்டிப் பார்த்தது. மூலையில் துணி குண்டாகக் குவிந்திருந்தது. புதிதாக வந்த பெண்கள்கூட முதல் மாதத்துக்குப் பிறகு அப்படிச் செய்ய மாட்டார்கள்.

தையல் மறுபக்கம் சாய்ந்திருந்தது. வலது கைக்காரி வலமிருந்து இடமாகப் போவாள், தொட்ட இழை ஒரு பக்கம் சாயும். நான் இடமிருந்து வலமாகப் போவேன், எதிர்ப்பக்கம் சாயும். என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்த மாதிரி இருந்தது. ஸ்கேலம்மாவுக்கு அகலத்தை அளக்கத் தெரியும், சாய்வைப் படிக்கத் தெரியாது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"சொல்லுங்க. வேற யாராவது கொண்டு வந்திருந்தா என்ன சொல்லுவீங்க?"

ஆகும் என்று சொல்ல முடியாது, ஸ்கேல் அங்கேயே கிடக்கிறது. "ஆகாது," என்றேன்.

"எனக்கும் அதுதான் வருத்தம்." அவர் தங்கையைப் பார்த்துச் சொன்னார். "இவ்வளவு நல்ல கை உனக்கு. கடைசியில என்ன அவசரம்? நாளைக்குக் கொண்டு வரேன்னு ஒரு போன் பண்ணியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? லேட்டை மன்னிக்கலாம்மா. அவசரத்தை மன்னிக்க முடியாது. நாளைக்கு ஆர்டர் நெருக்கும்போது இதே மாதிரிதான பண்ணுவ?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், சொல்லாதே என்பதுபோல் தலையை ஒரு தடவை அசைத்தாள்.

"மேடம்," என்றேன். "அது அவ கை இல்ல. நான் பண்ணினது."

ஸ்கேலம்மா என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க கையா இது?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் குரலில் இருந்தது இரக்கம். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

"அவளுக்குத் தெரியாம பண்ணேன். ஞாயித்துக்கிழமை அவ வீட்ல இல்ல. இந்த மூணையும் தள்ளிட்டு ஒன்பதை மட்டும் பாருங்க மேடம். குழந்தை விஷயம்."

"தெரியாம பண்ணீங்க, சரி. தெரிஞ்சுதான கொண்டு வந்தா?" அவர் ஸ்கேலைச் சட்டைப்பையில் வைத்தார். "ஒரு துணியில ரெண்டு கை. கண்ணாடிக்காரி ஒரு பக்கம்தான் குடுத்தா. தீர்ப்பு மாதிரி நீங்கதான் எந்திரிச்சு நின்னு சொன்னீங்க. அவளுக்கும் வீட்ல கஷ்டம் இருந்துச்சு. இப்ப இவளை வச்சுக்கிட்டா, இங்க உட்கார்ந்திருக்கறவங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

நான் திரும்பிப் பார்த்தேன். பதினான்கு பேரில் ஒருத்திகூட எனக்காகப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? எனக்கு அவர்கள் மேல் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் வேலையை யாரும் எடுக்கவில்லை. பார்க்கிற கண் நன்றாகத்தானே இருக்கிறது என்றார் ஸ்கேலம்மா. ஆகாத மூன்று ஸ்கார்ஃப்பையும் தங்கையிடமே கொடுத்து அனுப்பினார்.

வாய்தாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. வேறு எங்கும் அதற்குள் நிரந்தரக் கடிதம் கிடைக்கவில்லை. நீதிபதி வழக்குக் கட்டைப் பார்த்தார், இருக்கிற இடத்திலேயே குழந்தை இருக்கட்டும், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

தங்கை மகள் இருக்கிற ஊருக்கே போவதாகச் சொன்னாள். அங்கே ஒரு வீட்டில் சமைக்கவும் துடைக்கவும் ஆள் கேட்கிறார்களாம். பள்ளிக்கூட வாசலில் தினமும் ஒரு தடவையாவது பார்க்கலாமாம். பாத்திரம் தேய்த்தால் விரல் நுனி சொரசொரத்துப் போகும், பட்டைத் தொட்டாலே இழுக்கும். அதற்குப் பிறகு அவள் கை இந்த வேலைக்கு ஆகாது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அவள் துணி அடுக்கும்போது நான் கேட்டேன். "அன்னிக்கு விரலை ஓட்டிப் பார்த்தியே. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுக்கா."

"அப்புறம் ஏண்டி பிரிக்கல? ஊசி ஓட்டை விழுந்தாலும் ஈரத்தைத் தொட்டுத் தடவினா பாதி மறைஞ்சிருக்கும். மறுபடி சுருட்டினா மீதியும் உள்ள போயிருக்கும்."

"பிரிச்சிருக்கலாம்." அவள் ஒரு புடவையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "பிரிச்சா நீ ஏன்னு கேட்டிருப்ப. நான் என்னன்னு சொல்றது? எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து நம்ம வீட்ல உன் கையைப் பத்தித்தான் பேச்சு. அது போயிடுச்சுன்னு நான் எந்த வாயால சொல்ல? ஸ்கேலம்மா பார்க்காம விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். முட்டாள்தனம்தான்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். அடுத்த நாள் காலை பஸ் ஏறியபோது, வேளாவேளைக்குச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் இப்போதும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். ஆகும் என்கிறேன், ஆகாது என்கிறேன். ஆகாது என்று சொல்லும்போது எதிரில் நிற்கிறவள் என் முகத்தைப் பார்க்காமல் என் இடது கையைப் பார்க்கிறாள். அதை மேசைக்கடியில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். கண்ணாடிக்காரியின் வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு நாள் போனேன். அவர்கள் வீடு மாற்றிப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தங்கை போன் செய்தாள். குழந்தை பேச வேண்டும் என்கிறாள் என்றாள். அந்த நீல ஸ்கார்ஃப்பில் ஒன்றை மகளுக்குக் கொடுத்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டுதான் குழந்தை இப்போதெல்லாம் படுக்கிறாளாம்.

"பெரியம்மா, நான் கண்ணை மூடிட்டே கண்டுபிடிச்சிடுவேன்," என்றாள் குழந்தை. "விரலால தொட்டுப் பார்த்தா மெல்லிசா ஒரே மாதிரி போற பக்கம் அம்மா தைச்சது. தடியா, அப்புறம் மெல்லிசா, அப்புறம் தடியா வர்ற பக்கம் நீங்க தைச்சது. அம்மாதான் சொன்னாங்க. சரியா?"

"சரிடா கண்ணு. ரொம்பச் சரி. உனக்கு நல்ல விரல்."

துணி உரசும் சத்தம் கேட்டது. விரலை ஓட்டிப் பார்க்கிறாள் போலிருந்தது.

"பெரியம்மா, எல்லாப் பக்கத்தையும் அம்மாவே தைச்சிருக்கலாமே?"

"ஆமாண்டா," என்றேன். "தைச்சிருக்கலாம்."